ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு சாட்சியா வரச்சொல்லி ஃப்ரெண்டுக்கு மெசேஜ் போடுறது எப்படி, அவங்க தாராளமா மாட்டேன்னு சொல்ற மாதிரி

என் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தனுக்கு போன் போட்டு "டேய் நாளைக்கு காலைல நீதான் சாட்சி, நீ வரலன்னா கல்யாணமே இல்ல"ன்னு சொன்னேன். அவன் ரெண்டு செகண்டு பேசல, அப்புறம் "சரி வரேன்"னான். வந்தான், கூப்பிடுற வரைக்கும் ஹெல்மெட்ட கழட்டாம வெளிய மரத்தடியிலயே நின்னுட்டிருந்தான், கையெழுத்து போட்டான், சாப்பாட்டுக்குக் கூட நிக்காம கிளம்பிட்டான். ஒரு வாரம் கழிச்சு எங்க வீட்டு ஆளுங்க ரெண்டு பேரு திருப்பாப்புலியூர்ல அவன் வீட்டு வாசல்ல போய் நின்னு அவங்க அம்மாவ கண்டபடி பேசிட்டு வந்திருக்காங்க. அவன் எங்கிட்ட அத சொல்லவே இல்ல, ஆறு மாசம் கழிச்சு வேற ஒருத்தர் மூலமா தான் எனக்குத் தெரிஞ்சுது. அந்த ரெண்டு செகண்டு அமைதியில அவன் வேணாம்னு தான் சொல்ல வந்திருக்கான், நான் அதுக்கு இடமே குடுக்கல.

அதுக்கப்புறம் நானே மூணு கல்யாணத்துக்கு சாட்சி கையெழுத்து போட்டிருக்கேன், போன மார்கழி மாசம் மஞ்சக்குப்பத்துல இருக்க என் சித்தி பொண்ணு அவ கல்யாணத்துக்கு ஆள் தேடினப்போ மெசேஜ நாங்க ரெண்டு பேரும் உக்காந்து தான் எழுதினோம். அத வச்சே இத எழுதுறேன். நான் சொல்றது ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட், அதாவது 1954-ம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டப்படி சப் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ற கல்யாணத்தப் பத்தி. மண்டபத்துல தாலி கட்டிட்டு அப்புறம் போய் பதிவு பண்றது வேற கணக்கு, அதுக்கு சாட்சி சொந்தக்காரங்களே வந்துடுவாங்க, பெரும்பாலும் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்காது.

முதல்ல நீங்க என்ன கேக்குறீங்கன்னு உங்களுக்கே தெரியணும்

"சும்மா ஒரு கையெழுத்து தான்"னு எல்லாரும் சொல்லுவாங்க. அப்படி இல்ல. இந்த சட்டத்துல சாட்சி மூணு பேர் வேணும். கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணும் பையனும் ஒரு உறுதிமொழியில கையெழுத்து போடுவாங்க, அதுல அந்த மூணு பேரும் போடணும். அப்புறம் அதிகாரி முன்னாடியும் அந்த மூணு பேர் முன்னாடியும் பொண்ணு மாப்பிள்ளை ஒருத்தர ஒருத்தர் சட்டப்படி கணவனா மனைவியா ஏத்துக்கறேன்னு வாய் விட்டு சொல்லணும், ரெண்டு பேருக்கும் புரியுற எந்த பாஷைலயும் சொல்லலாம். அது முடிஞ்சதும் சர்டிபிகேட் புக்ல எழுதி அதுலயும் மூணு சாட்சியும் கையெழுத்து. ஆக உங்க ஃப்ரெண்டு நேர்ல நின்னு பாத்து, கேட்டு, ரெண்டு எடத்துல பேர் பதியுறாங்க, அஞ்சு நிமிஷம் எட்டிப் பாத்துட்டுப் போற வேலை இல்ல. நான் போன மூணு தடவையும் காலைல பத்து மணிக்குப் போயி மத்தியானம் சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு.

அந்த சர்டிபிகேட் புக் பூட்டி வைக்கிற ரகசியம் கிடையாது. ஆபீஸ் நேரத்துல யாரும் போய் பாக்கலாம், ஃபீஸ் கட்டினா சான்றிட்ட நகல் வாங்கலாம்னு சட்டத்துலயே இருக்கு. நம்ம ஊர்ல பேர் தெரிஞ்சா போதும், வீட்டக் கண்டுபிடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகாது. என் ஃப்ரெண்டு வீட்டுக்கு ஆளுங்க போனது அப்படித்தான்.

இன்னொன்னு, பல பேருக்குத் தெரியாதது. 45-வது பிரிவுன்னு ஒன்னு இருக்கு, அந்த உறுதிமொழியிலயோ சர்டிபிகேட்லயோ பொய்யான விஷயம் இருந்து, அது பொய்னு தெரிஞ்சே ஒருத்தர் கையெழுத்து போட்டா அது குற்றம், சாட்சியா போட்டவங்களுக்கும் சேத்து. ஒருத்தருக்கு முதல் கல்யாணம் டைவர்ஸ் முடியாம இருக்கு, இல்ல வயசுல ஏதோ குழப்பம் இருக்குன்னா, அத மறைச்சு ஃப்ரெண்ட கூப்பிடுறது அவங்கள கொண்டு போய் மாட்டி விடுற வேலை. அதே சமயம் அவங்க பயப்பட வேண்டாததும் இருக்கு. சாட்சி போட்டவங்க உங்க குடும்ப வாழ்க்கைக்கு ஜாமீன் இல்ல, நாளைக்கு உங்களுக்குள்ள சண்டைன்னா அவங்க பதில் சொல்ல வேண்டியதில்ல, கடன் உடன் எதுக்கும் சம்பந்தமில்ல. நான் நின்னேன், பாத்தேன், அவ்வளவு தான் அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம். இந்த ரெண்டு பக்கத்தையும் சொன்னா தான் அவங்களால யோசிச்சு முடிவெடுக்க முடியும்.

எப்போ கேக்கணும்

நோட்டீஸ் குடுத்த வாரமே கேளுங்க. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது குறைஞ்சது 30 நாள் குடியிருந்த மாவட்டத்துல நோட்டீஸ் குடுக்கணும், ஆபீஸ் போர்டுல ஒட்டினதுல இருந்து 30 நாள் ஆட்சேபணைக்கு விடுவாங்க, அது முடிஞ்சதும் கல்யாணம். நோட்டீஸ் குடுத்த தேதியில இருந்து மூணு மாசத்துக்குள்ள முடிக்கலன்னா அந்த நோட்டீஸ் செல்லாது, மறுபடி முதல்ல இருந்து தான். சித்தி பொண்ணு ஜனவரி 6 குடுத்தா, அன்னைக்கே ஒட்டிட்டாங்க, பிப்ரவரி 5 வரைக்கும் காத்திருப்பு, ஏப்ரல் முதல் வாரத்தோட கெடு. அவங்க முடிவு பண்ணது பிப்ரவரி 20. ஜனவரி 8 மெசேஜ் போட்டா, ஒருத்தர் முடியாதுன்னாலும் இன்னொருத்தர தேட ஒரு மாசத்துக்கு மேல இருக்கு. இந்த ஒரு மாசம் கைல இருந்தா தான் "முடியலன்னா பரவால்ல"ன்னு எழுதுறது உண்மையா இருக்கும். முந்தின நாள் ராத்திரி கேட்டுட்டு "உன் இஷ்டம்"னு சேத்து எழுதினா அத யாரு நம்புவா.

மெசேஜ் தான், கால் வேணாம். போன்ல கேட்டா அந்த நிமிஷமே பதில் சொல்லணும், நேர்ல கேட்டா உங்க முகத்தப் பாத்து சொல்லணும். ரெண்டுலயும் நல்ல மனசுக்காரங்க சரின்னு தான் சொல்லுவாங்க. குரூப்ல போடவே போடாதீங்க, நாலு பேர் ஹார்ட் போட்ட எடத்துல ஒருத்தர் எப்படி மாட்டேன்னு சொல்லுவார். வாய்ஸ் நோட்டும் வேணாம், நம்ம குரல் தழுதழுத்தா அதுவே ஒரு அழுத்தம், அதுவுமில்லாம ஹால்ல உக்காந்து ப்ளே பண்ணிட்டா வீடே கேட்டுடும்.

அதுக்காகவே முன்னாடி ஒரு சின்ன மெசேஜ் போடுங்க. நிறைய வீட்டுல போன் டிவி பக்கத்துல சார்ஜ்ல கிடக்கும், "கல்யாணம்", "சாட்சி"ன்னு முதல் வரி ஸ்கிரீன்ல வந்தா அம்மா படிச்சிடுவாங்க, அப்புறம் முடிவு அவங்க கைல இருக்காது. சித்தி பொண்ணு அனுப்பினது இது:

"அக்கா, ஒரு விஷயம் எழுதி அனுப்பணும், அவசரம் இல்ல, கெட்ட செய்தியும் இல்ல. போன் உங்க கைலயே இருக்கற நேரமா பாத்து ஒரு ஓகே போடுங்க."

அவசரம் இல்ல, கெட்ட செய்தி இல்ல, இந்த ரெண்டும் கட்டாயம் வேணும். "ஒரு முக்கியமான ஹெல்ப்"னு மட்டும் போட்டுட்டு விட்டா அவங்க பதறி கால் பண்ணுவாங்க, பேச்சுலயே விஷயம் வெளிய வந்துடும், நம்ம எழுத நினைச்சதெல்லாம் வீண்.

அவ முதல்ல எழுதினதும் நாங்க மாத்தினதும்

அவ கேக்க நினைச்சது பாண்டில கூட வேலை பாத்த ஒரு அக்காவ, இவளுக்கு வேலை கத்துக் குடுத்தவங்க, கோரிமேடு பக்கம் வீடு. அவ எழுதி வச்சிருந்த முதல் மெசேஜ் இப்படி இருந்துச்சு:

"அக்கா எனக்கு கல்யாணம்!! நீங்க தான் என் சாட்சி, எனக்குன்னு வேற யார் இருக்கா, நீங்க கண்டிப்பா வருவீங்கன்னு தெரியும், பிப்ரவரி 20 லீவ் போட்டுடுங்க. ஆதார் போட்டோ எடுத்து அனுப்புங்க. வீட்ல யாருக்கும் தெரியாது, ப்ளீஸ்."

பாசமா தான் இருக்கு, ஆனா ஒவ்வொரு வரியும் ஒரு கதவ சாத்துது. "எனக்குன்னு வேற யார் இருக்கா"ன்னா மாட்டேன்னு சொல்றவங்க அநாதையா விட்டுட்டுப் போற மாதிரி ஆயிடும். "கண்டிப்பா வருவீங்க"ன்னா முடிவ நம்மளே எடுத்தாச்சு. ஆதார் கேட்டா அவங்க ஒத்துக்கறதுக்கு முன்னாடியே வேலை ஆரம்பிச்சிடுச்சு. எல்லாத்தையும் விட பெருசு அந்தக் கடைசி வரி, வீட்டுல எதிர்ப்பு இருக்குங்கறத போற போக்குல சொல்லியிருக்கா, அந்த அக்காவுக்கு முடிவெடுக்க வேண்டிய விஷயமே அது தான். அத நடுவுல, தெளிவா வைக்கணும்.

ரெண்டு மணி நேரம் உக்காந்து மாத்தி எழுதி கடைசியா அனுப்பினது:

"அக்கா, நானும் அவரும் ரிஜிஸ்டர் மேரேஜ் பண்ணிக்கறோம். நோட்டீஸ் குடுத்தாச்சு, பிப்ரவரி 20 வியாழக்கிழமை காலைல 10 மணி, கடலூர்ல சப் ரிஜிஸ்டர் ஆபீஸ். மூணு சாட்சி வேணும். நீங்க ஒருத்தரா வர முடியுமான்னு கேக்கத்தான் எழுதுறேன்.

வந்தா அரை நாள் ஆகும். ரெண்டு எடத்துல கையெழுத்து, ஒரிஜினல் ஐடி கொண்டு வரணும். உங்க பேர் சர்டிபிகேட் புக்ல இருக்கும், அத யார் வேணா போய் பாக்கலாம், நகல் வாங்கலாம். எங்க வீட்டுல ஒத்துக்கல. எங்க சித்தப்பா ஒருத்தர் பாண்டில தான் இருக்கார், சாட்சி யாருன்னு தெரிஞ்சா உங்ககிட்ட வந்து பேச வாய்ப்பு இருக்கு. மாப்பிள்ளை வீட்டுல ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு பேருக்கும் இது முதல் கல்யாணம், வயசு சர்டிபிகேட் எல்லாம் சரியா இருக்கு.

இதெல்லாம் பாத்துட்டு வேணாம்னு தோணினா 'முடியாதுடா'ன்னு ஒரு வார்த்தை போதும், காரணம் வேணாம், நான் கேக்கவும் மாட்டேன். ஜனவரி 18-ம் தேதி வரைக்கும் பதில் வரலன்னா முடியலன்னு எடுத்துக்கிட்டு வேற ஆள் பாத்துக்கறேன், திரும்ப இதப் பத்தி பேச மாட்டேன். தேட ஒரு மாசம் இருக்கு, கல்யாணம் இதனால நிக்காது.

கையெழுத்து போடலன்னாலும் அன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு நீங்க வரணும்னு ஆசை. அதுவும் உங்க வசதி தான். யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு மட்டும் கேட்டுக்கறேன்."

இதுல நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறது அந்த 18-ம் தேதி வரி. நம்ம ஊர்ல வேண்டியவங்களுக்கு மாட்டேன்னு டைப் பண்றதே பல பேருக்கு கை வராத காரியம், மெசேஜ திறந்து பாத்துட்டு நாலு நாள் தவிப்பாங்க, கடைசில தவிக்க முடியாம சரின்னு போட்டுடுவாங்க. பதில் போடாம இருந்தாலே அது முடியாதுன்னு நாமளே முன்கூட்டி சொல்லிட்டா, சும்மா இருக்கறவங்களுக்கு ஒரு குத்தமும் இல்ல. வரேங்கறதுக்கு மட்டும் தான் அவங்க வாயத் திறக்கணும். தேதி பொங்கல் தாண்டி இருந்ததும் வேணும்னே வச்சது தான், பண்டிகைக்கு வீடு நிறைய ஆளுங்க இருக்கப்போ இத யோசிக்க முடியாது.

அந்த சித்தப்பா வரிய எழுத அவளுக்கு மனசே வரல, "அத சொன்னா வர மாட்டாங்கக்கா"ன்னா. வர மாட்டாங்கன்னா அவங்க வரக்கூடாதுன்னு தான் அர்த்தம். வாசல்ல ஆள் வந்து நிக்கறப்போ தெரிஞ்சுக்கறத விட வீட்டுல உக்காந்து வாட்ஸ்அப்ல தெரிஞ்சுக்கறது எவ்வளவோ மேல்.

"வேற ஆள் பாத்துக்கறேன்"னு எழுதுறப்போ பொய் சொல்லாதீங்க. கைல இன்னொருத்தர் ரெடியா இருந்தா "இன்னொருத்தர் இருக்கார்"னு எழுதலாம், இல்லன்னா எங்கள மாதிரி நாள் இருக்குன்னு மட்டும் எழுதுங்க. சாட்சி உங்க ஊர்க்காரரா இருக்கணும்னு சட்டம் சொல்லல, அதனால சென்னைல இருக்க ஃப்ரெண்டையோ நெய்வேலில இருக்க மச்சானையோ கேக்கலாம், உள்ளூர்ல வீடு வாசல் இல்லாதவங்கள யாரும் போய் தொந்தரவு பண்றது கஷ்டம். எந்த ஐடிய ஏத்துக்கறாங்க, போட்டோ வேணுமா, இதெல்லாம் மட்டும் நோட்டீஸ் குடுக்கறப்பவே கவுன்டர்ல கேட்டு வச்சுக்கங்க.

வயசுல சமமான ஃப்ரெண்டுன்னா இவ்வளவு நீளம் வேணாம், பேசுற மாதிரியே இருக்கட்டும், ஆனா நாள், எவ்வளவு நேரம், புக்ல பேர் வர்றது, வீட்டு நிலவரம், பதில் போடலன்னா இல்லன்னு அர்த்தம், இந்த அஞ்சும் விடக்கூடாது:

"மச்சி, பிப் 20 எங்க ரிஜிஸ்டர் மேரேஜ், கடலூர்ல. சாட்சிக்கு ஒரு ஆள் வேணும், அரை நாள் ஆகும், உன் பேர் புக்ல ஏறும், கேட்டா யாருக்கும் காட்டுவாங்க. எங்க வீட்ல செம கோவத்துல இருக்காங்க, உன்ன வந்து கேப்பாங்கன்னு நினைச்சுக்கோ. வரேன்னா ஜனவரி 18க்குள்ள சொல்லு, சொல்லலன்னா இல்லன்னு வச்சுக்கறேன், நமக்குள்ள ஒன்னும் மாறாது."

பதில் வந்ததும் என்ன பண்றது

அந்த அக்கா 11-ம் தேதி காலைல பதில் போட்டாங்க. "முடியாதுடா. நல்லா இருங்க ரெண்டு பேரும்." அவ்வளவு தான். சித்தி பொண்ணுக்கு கண்ணு கலங்கிடுச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன், எனக்கே கொஞ்சம் கஷ்டமா தான் இருந்துச்சு. ஆனா இந்த எடத்துல தான் நிறைய பேர் கெடுத்துடுறாங்க. "ஏன்க்கா, சித்தப்பாவ நான் பாத்துக்கறேன்"னு ஒரு வரி போட்டாலும் காரணம் வேணாம்னு எழுதினது பொய்யாயிடும். அழுற ஸ்டிக்கரும் அப்படித்தான், ரெண்டு நாள் கழிச்சு போடுற பதிலும் அப்படித்தான். அவ பத்து நிமிஷத்துல அனுப்பினது: "சரிக்கா, சீக்கிரம் சொன்னதுக்கு ரொம்ப தேங்க்ஸ், இப்பவே வேற ஆள் பாத்துடுவேன். பொங்கலுக்கு ஊருக்குப் போறீங்களா?" கேள்வி வேற பக்கம் போனதும் அவங்க ஊருக்குப் போற கதையெல்லாம் எழுதினாங்க.

சரின்னு பதில் வந்தாலும் அது உண்மையான சரியான்னு பாக்கணும். "வேற யாரும் கிடைக்கலையா?", "நீ சொல்றன்னா வரேன்", "பாக்கலாம்", "எங்க வீட்டுக்காரர்ட்ட கேக்கணும்", இதெல்லாம் என்னைப் பொறுத்தவரைக்கும் முடியாதுன்னு தான் கணக்கு. அப்போ மறுபடி ஒரு தடவை கதவத் திறந்து விடுங்க: "இது யோசனையா இருந்தா விட்டுடு, நான் இன்னொருத்தர கேட்டுக்கறேன்." இன்னொரு அடையாளம் ஐடி காப்பி. வரேன்னு சொன்னவங்ககிட்ட ஒரு வாரம் கழிச்சு தான் அத கேக்கணும், மனசார வரவங்க அன்னைக்கே அனுப்பிடுவாங்க, "அனுப்புறேன் அனுப்புறேன்"னு மூணு நாள் இழுத்தா ஞாபகப்படுத்தாதீங்க, வேற ஆள பாருங்க. எங்களுக்கு மாப்பிள்ளையோட நெல்லிக்குப்பம் ஃப்ரெண்டு ஒருத்தர் முதல்ல வரேன்னுட்டு இப்படி இழுத்தார், அவரையும் விட்டுட்டோம், அதனால ஜனவரி கடைசில ரெண்டு ஆள் குறைஞ்சுது, அப்பவும் மூணு வாரம் கைல இருந்துச்சு.

கடைசில நான் ஒருத்தி, மாப்பிள்ளையோட அத்தை, அப்புறம் சென்னைல இருந்து வந்த அவளோட ஹாஸ்டல் ஃப்ரெண்டு. அந்தப் பொண்ணு மெசேஜ் பாத்துட்டு ஒரு நாள் கழிச்சு "வரேன், யாராவது கேட்டா நானே பேசிக்கறேன், எனக்கு மஞ்சள் புடவை தான் இருக்கு பரவால்லையா"ன்னு எழுதினா. நான் சொன்ன உண்மையான சரி அது தான், அவ பாட்டுக்கு அடுத்த வேலைக்குப் போயிட்டா.

பிப்ரவரி 20 ஆபீஸ்ல கூப்பிடுறதுக்கு முன்னாடி வெளிய பெஞ்ச்ல வச்சு அந்தப் பொண்ணுகிட்ட சித்தி பொண்ணு இன்னொரு தடவை கேட்டா, "இப்பக் கூட வேணாம்னா சொல்லுடி"ன்னு. எங்களோட நாலாவதா ஒருத்தர் ஐடியோட வந்து நின்னாரு, அதனால அவளால அப்படி கேக்க முடிஞ்சுது. முடிஞ்சா நீங்களும் ஒரு ஆள் கூடுதலா வச்சுக்கங்க, பஸ் லேட்டானாலும் காய்ச்சல் வந்தாலும் மூணுக்கு ரெண்டு இருந்தா அன்னைக்கு வேலை நடக்காது.

எல்லாம் முடிஞ்சு சர்டிபிகேட் கைக்கு வந்ததும் சாட்சிங்க உங்களுக்கு அனுப்பின ஆதார், பான் போட்டோ எல்லாத்தையும் போன்ல இருந்தும் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பின சாட்ல இருந்தும் அழிச்சிடுங்க, அழிச்சிட்டேன்னு அவங்களுக்கு ஒரு வரி போடுங்க. சந்தோஷத்துல சர்டிபிகேட்ட அப்படியே ஸ்டேட்டஸ்ல போடாதீங்க, போட்டே ஆகணும்னா அவங்க கையெழுத்து இருக்க பகுதிய வெட்டிட்டுப் போடுங்க.